டக்டும் பீமும் மோதும் இடத்தில் கட்டடக்கலைஞருக்குத் தொழினுட்ப வினா எழுதுவது எப்படி

நல்லூர்ப் பக்கமாக எழுந்துகொண்டிருந்த இரண்டு மாடி மருத்துவ நிலையம் ஒன்றுக்குக் குளிரூட்டல் வேலையை, அதாவது குளிர்காற்று ஓடும் தகட்டு டக்ட்களை, வரைந்துகொண்டிருந்தபோது, கட்டடக்கலைஞருக்கு நான் அனுப்பிய முதல் வினா ஒரே வரியில் இருந்தது: "கீழ்த்தளக் கொரிடோரில் டக்ட் பீமில் இடிக்கிறது, தயவுசெய்து ஆலோசனை கூறவும்." அன்று மாலையே அவர் தொலைபேசியில் அழைத்தார். "எவ்வளவு இடிக்கிறது, தம்பி? நீர் என்னிடம் கேட்பது சீலிங்கையா, பீமையா?" என்றார். இரண்டுக்கும் என்னிடம் விடை இருக்கவில்லை. அந்த வினாவைத் திரும்பப் பெற்று, நான்கு நாள் வேலை செய்து, மறுபடி எழுதி அனுப்பினேன். அந்த நான்கு நாளில் செய்தவற்றை, அதே கொரிடோரின் அளவுகளோடு, செய்த ஒழுங்கிலேயே இங்கே எழுதுகிறேன்.

முதற்படி: எல்லா மட்டங்களையும் ஒரே தளத்திலிருந்து எண்ணுதல்

மூன்று பேர் வரைந்த மூன்று வரைபடங்கள் இந்த இடத்தில் சந்திக்கின்றன. கட்டடக்கலைஞர் சீலிங்கின் உயரத்தை மாபிள் பதித்து முடிந்த தரையிலிருந்து அளக்கிறார். கட்டமைப்புப் பொறியியலாளர் பீமின் மட்டத்தை வெறும் கொங்கிறீட்டின் மேற்பரப்பிலிருந்து அளக்கிறார். நாங்களோ பெரும்பாலும் டக்டின் அடிமட்டத்தை எழுதிவிட்டு, எதிலிருந்து அளந்தோம் என்பதை எழுத மறந்துவிடுகிறோம். பிழைகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

எங்கள் கட்டடத்தில் தளத்துக்குத் தளம் 3600 மில்லிமீற்றர். கொங்கிறீட்டின் மேல் சாந்தும் மாபிளுமாக 50 மில்லிமீற்றர் வருகிறது. ஆகவே கீழ்த்தளத்தின் முடிந்த தரையைப் பூச்சியமாகக் கொண்டால், மேல்தளக் கொங்கிறீட்டின் மேற்பரப்பு 3600 இல் அன்றி 3550 இல் இருக்கிறது. சிலாப்பின் தடிப்பு 150 என்பதால் அதன் அடி 3400. பீமின் மொத்த ஆழம், சிலாப்பையும் சேர்த்து, 600 என்பதால் பீமின் அடி 2950. கட்டடக்கலைஞர் கேட்டிருந்த சீலிங் 2700. ஜிப்சம் பலகைக்கும் அதைத் தாங்கும் சட்டத்துக்கும் 50 விட்டால், எங்களுக்குரிய வெளி 2750 இல் தொடங்குகிறது.

இந்தக் கணக்கின்படி இரண்டு பீம்களுக்கு நடுவே 650 மில்லிமீற்றர் இருக்கிறது. பீமின் கீழே 200 மாத்திரமே இருக்கிறது. முதல் முறை எண்ணியபோது கட்டமைப்பு வரைபடத்தில் இருந்த 3000 என்ற பீம் மட்டத்தை நான் அப்படியே எடுத்துவிட்டதால், 250 இருப்பதாக நம்பியிருந்தேன். அந்த 50 மில்லிமீற்றர் தரையின் மாபிளுக்குள் போய்விட்டது. இத்தகைய பிழையைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. தரையிலிருந்து மேல்தளத் தரை வரை எல்லாத் தடிப்புகளையும் கீழிருந்து மேலாகக் கூட்டிப் பாருங்கள்: எங்கள் கொரிடோரில் 2700, 50, 200, 600, 50. கூட்டுத்தொகை 3600 ஆக வராவிட்டால் ஏதோ ஒன்று இருமுறை எண்ணப்பட்டிருக்கிறது, அல்லது விடுபட்டிருக்கிறது.

இரண்டாம் படி: டக்டின் உண்மையான உயரம்

வரைபடத்தில் 600 × 300 என்று எழுதியிருக்கும் டக்ட், பீமின் கீழே 300 மில்லிமீற்றர் இடத்தில் நுழையாது. 300 என்பது தகட்டின் அளவு. மேலும் கீழுமாக 25 மில்லிமீற்றர் இன்சுலேசன் சேர்ந்தால் 350 ஆகிறது. அடியில் தாங்கும் ஆங்கிளுக்கு 40 தேவை. பீமின் அடி வரைபடத்தில் உள்ளபடியே வார்க்கப்படும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. வார்ப்புப் பலகை சிறிது தொய்ந்தாலும் 10, 15 மில்லிமீற்றர் கீழிறங்கிவிடும். அதற்கும் கை நுழைவதற்குமாக 25 விட்டேன். ஆக மொத்தம் 415. இருப்பது 200, குறைவது 215.

இணைப்பு விளிம்பையும் மறக்கக் கூடாது. தகட்டை இணைக்கும் விளிம்பு சுமார் 30 மில்லிமீற்றர் வெளியே நீட்டி நிற்கும். அதன் மேலும் இன்சுலேசன் சுற்ற வேண்டும். அதற்கென்று உயரம் கேட்காமல், பட்டறை வரைபடத்தில் இணைப்புகள் எல்லாம் பீம்களுக்கு நடுவிலேயே விழும்படி துண்டுகளைப் பிரிக்கச் சொல்வதே நல்லது. துண்டுகள் 1200 மில்லிமீற்றர் நீளமானவை என்றால் இது வெறும் ஒழுங்குபடுத்தல்தான். ஆனால் சொல்லாவிட்டால் எவரும் செய்ய மாட்டார்கள்.

இந்தக் கட்டத்தில் தளத்திலிருந்து யாராவது ஒருவர், "பீமுக்குக் கீழே மட்டும் இன்சுலேசனை வெட்டிவிடலாமே" என்று கட்டாயம் சொல்வார். யாழ்ப்பாணத்தில் அது நடக்காத காரியம். வெளிக்காற்று 32 பாகை செல்சியஸில், ஈரப்பதன் 75 வீதமாக இருக்கும் நாளில், காற்றிலுள்ள நீராவி நீராகப் படியத் தொடங்கும் பனிநிலை 27 பாகையை ஒட்டி இருக்கும். டக்டுக்குள் ஓடும் காற்றோ 14 பாகை. சீலிங்குக்கு மேலுள்ள வெளி குளிரூட்டப்படுவதில்லை. வெளிக்காற்று அங்கே கசிந்து வந்துகொண்டே இருக்கும். இன்சுலேசன் இல்லாத இடத்திலும், அது பீமுக்கும் தகட்டுக்கும் இடையில் நசிந்த இடத்திலும், தகடு வியர்க்கும். சில கிழமைகளில் சீலிங் பலகையில் தேநீர் நிறத்தில் ஒரு வட்டம் தோன்றும். அந்த வட்டங்கள் ஒரே வரிசையில், பீம்களின் நேர் கீழே தோன்றினால், குழாய் ஒழுக்கைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். நசிந்த இன்சுலேசனைத் தேடுங்கள்.

மூன்றாம் படி: டக்டைத் தட்டையாக்க முடியுமா என்று முதலில் நாமே பார்த்தல்

கட்டடக்கலைஞரிடம் எதையும் கேட்பதற்கு முன், எங்கள் பக்கத்தில் எவ்வளவு விட்டுக்கொடுக்க முடியும் என்பதைக் கணக்கிட்டு முடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் கேட்கும் முதற் கேள்வியே அதுவாக இருக்கும். ஒரு கிழமை அதிலேயே போய்விடும்.

எங்கள் டக்டில் செக்கனுக்கு 0.9 கன மீற்றர் காற்று ஓடுகிறது. 600 × 300 என்ற குறுக்குவெட்டு 0.18 சதுர மீற்றர் என்பதால் வேகம் செக்கனுக்கு 5 மீற்றர். பீமின் கீழுள்ள 200 இலிருந்து இன்சுலேசனுக்கு 50, ஆங்கிளுக்கு 40, தளர்வுக்கு 25 கழித்தால் தகட்டுக்கு எஞ்சுவது 85 மில்லிமீற்றர். அதே வேகத்தைக் காக்க வேண்டுமானால் அகலம் 2100 ஐத் தாண்டும். கொரிடோரின் அகலமே 2400 தான். அகலம் உயரத்தின் 4 மடங்கைத் தாண்டாமல் வைத்திருப்பது வழக்கமான நல்ல எல்லை. அதைத் தாண்டினால் தகடும் உராய்வும் கூடும். அகன்ற முகம் அதிர்ந்து ஒலி எழுப்பவும் தொடங்கும். ஆகவே தட்டையாக்குவது மட்டும் விடையாகாது என்பது தெளிவாயிற்று.

ஆனால் ஒன்றை இரண்டாகப் பிரிக்கலாம். 450 × 200 அளவில் இரண்டு டக்ட்கள் அருகருகே போனால் மொத்தக் குறுக்குவெட்டு அதே 0.18 சதுர மீற்றர். வேகமும் அதே 5 மீற்றர். உராய்வு மட்டும் மீற்றருக்குச் சுமார் 0.7 பஸ்கலிலிருந்து 1.1 பஸ்கலுக்கு உயர்கிறது. எங்கள் 14 மீற்றர் நீளத்துக்கு இது 6 பஸ்கல் அளவில் கூடுதல்; விசிறி அதைத் தாங்கும். இப்போது தேவையான உயரம் 200, 50, 40, 25 எல்லாம் சேர்த்து 315. இருப்பது இன்னும் 200 தான். எங்கள் கையில் இருந்த அனைத்தையும் செய்த பிறகு 115 மில்லிமீற்றர் குறைந்தது. கட்டடக்கலைஞருக்கு எழுத வேண்டிய குறைபாடு இந்த 115 தான். முதலில் வந்த 215 அல்ல.

நான்காம் படி: எந்த முடிவு யாருடையது

சீலிங் உயரமும் அதன் வடிவமும் கட்டடக்கலைஞருடையவை. பீமின் ஆழமும் அதில் துளையிடுவதும் கட்டமைப்புப் பொறியியலாளருடையவை. பீமைப் பற்றிய கேள்வியைக் கட்டடக்கலைஞரிடம் ஏன் அனுப்ப வேண்டும் என்று இளைய பொறியியலாளர்கள் கேட்பதுண்டு. எங்கள் ஒப்பந்தத்தில் வடிவமைப்பு முழுவதையும் ஒருங்கிணைப்பவர் அவரே என்பது ஒரு காரணம். பீம் குறைந்தால் சீலிங் தப்புகிறது, சீலிங் இறங்கினால் பீம் தப்புகிறது என்பதால், இரண்டில் எது பெறுமதியானது என்று சொல்லக்கூடியவர் அவர் மட்டுமே என்பது அதைவிடப் பெரிய காரணம். கட்டமைப்புப் பொறியியலாளருக்கு அதே வினாவின் பிரதி போக வேண்டும். அவரோடு தனியாகப் பேசி முடித்துவிட்டுக் கட்டடக்கலைஞருக்குச் செய்தி சொல்வது, வேலை எவ்வளவு அவசரமானாலும், செய்யத் தகாதது.

மூன்று வழிகள் இருந்தன. கொரிடோர் சீலிங் முழுவதையும் இறக்குவது முதலாவது. மற்றொன்று, கொரிடோரின் மேலே வரும் துண்டில் மட்டும் பீமின் ஆழத்தை 600 இலிருந்து 450 ஆகக் குறைப்பது. கொரிடோரின் இரு பக்கமும் தூண்கள் இருந்ததாலும், அந்தத் துண்டின் நீளம் குறைவு என்பதாலும் இதைக் கேட்பதில் நியாயம் இருந்தது. 450 ஆனால் பீமின் அடி 3100 க்கு உயரும். வெளி 350 ஆகும். எங்களுக்கு வேண்டிய 315 போக 35 மிஞ்சும். மூன்றாவது வழி பீமில் துளை. டக்டை இன்சுலேசனோடு நுழைக்க 250 உயரமும் 500 அகலமும் கொண்ட துளைகள் இரண்டு வேண்டும். 600 ஆழமான பீமில் அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுகிறது. அதிலும் நீளம் குறைந்த அந்தத் துண்டில் எங்கே துளைத்தாலும் தூணை ஒட்டியே வரும். வெட்டுவிசை மிகும் இடம் அது. இந்த வழியை நான் எழுதியது, பார்த்தோம், பொருந்தவில்லை என்று காட்டுவதற்காக மட்டுமே. எழுதாமல் விட்டிருந்தால் யாராவது அதை ஒரு புதிய யோசனையாகக் கொண்டுவந்திருப்பார்கள்.

ஐந்தாம் படி: வினாவை எழுதுதல்

ஒரு வினாவில் ஒரு முடிவை மட்டும் கேட்க வேண்டும். விளக்குகள் எங்கே வரும் என்பதும் இதோடு பிணைந்திருந்தபடியால் நான் இரண்டு கேள்விகள் கேட்டேன். அதற்கு மேல் போகவில்லை. அச்சு என்று வருவது வரைபடத்தில் தூண் வரிசைகளுக்கு இட்ட எண். அனுப்பிய கடிதம் ஏறக்குறைய இதுதான்:

> வினா இல. 14. கீழ்த்தளக் கொரிடோர், அச்சு 1 இலிருந்து 5 வரை. டக்டும் பீமும் மோதல்.
>
> மதிப்பிற்குரிய அம்மணி,
>
> கட்டடக்கலை வரைபடத்தின் திருத்தம் சி, கட்டமைப்பு வரைபடத்தின் திருத்தம் பி ஆகியவற்றின்படி, கொரிடோரின் அச்சு 2, 3, 4 இல் பீமின் அடி முடிந்த தரையிலிருந்து 2950 மில்லிமீற்றரில் உள்ளது. சீலிங் 2700 இல் இருப்பதால், பலகைக்கும் சட்டத்துக்கும் 50 விட்ட பின் எஞ்சும் வெளி 200 மில்லிமீற்றர். 600 × 300 டக்டை 450 × 200 அளவில் இரண்டாகப் பிரித்துள்ளோம். அதன் பின்பும் தேவைப்படும் உயரம் 315. ஆகவே மூன்று அச்சுகளிலும் 115 மில்லிமீற்றர் குறைகிறது. இன்சுலேசனையோ காற்றின் அளவையோ குறைக்க முடியாது. இணைப்பு 1 இல் 1:20 அளவில் குறுக்குவெட்டு உள்ளது.
>
> கேள்வி 1: கொரிடோரின் மேலுள்ள பீம் துண்டுகளின் ஆழத்தை அச்சு 2, 3, 4 இல் 450 ஆகக் குறைக்கக் கட்டமைப்புப் பொறியியலாளரின் உடன்பாட்டைப் பெற்றுத் தர முடியுமா? எங்கள் பரிந்துரை இதுவே. சீலிங் 2700 இலேயே இருக்கும். எந்த அச்சிலாவது இது இயலாதாயின், அந்த இடத்தில் மட்டும் சீலிங்கை 2575 க்கு இறக்கச் சம்மதமா? பீமில் துளையிடும் வழியையும் பார்த்தோம். தேவையான துளை பெரியது, தூண்களுக்கு அருகில் வருகிறது என்பதால் அதைப் பரிந்துரைக்கவில்லை.
>
> கேள்வி 2: சீலிங்கில் பதிக்கும் விளக்குகளை இரண்டு டக்ட்களுக்கும் நடுவிலுள்ள 200 மில்லிமீற்றர் இடைவெளியில், கொரிடோரின் மையக்கோட்டில் வைக்கலாமா?
>
> முதல்தளப் பீம்களுக்குக் கம்பி கட்டும் வேலை எதிர்வரும் 21 ஆம் திகதி தொடங்குகிறது. 14 ஆம் திகதிக்குள் விடை கிடைத்தால் எந்த வேலையும் நிற்காது. அதன் பின் கேள்வி 1 இன் முதல் வழி மூடப்பட்டுவிடும்.
>
> பிரதி: கட்டமைப்புப் பொறியியலாளர், ஒப்பந்தக்காரர்.

இந்தக் கடிதத்தில் "அவசரம்" என்ற சொல் இல்லை. ஒரு நாளும், அந்த நாள் கடந்தால் எது கைவிட்டுப் போகும் என்பதும் இருக்கின்றன. கேள்வி 1 க்கு "ஆம்" என்று ஒரு சொல்லில் விடை எழுதினாலும் வேலை நகரும். "இல்லை" என்று எழுதினாலும் அடுத்த வாக்கியம் வழி சொல்லிவிடும். திருத்த எழுத்துகளைக் குறித்ததும் வீண் சடங்கல்ல. நாங்கள் கணக்கிட்டுக்கொண்டிருந்த அதே கிழமையில் கட்டமைப்பு வரைபடத்தின் அடுத்த திருத்தம் வந்துவிட்டது. கொரிடோர் பீம்கள் அதில் மாறவில்லை என்பதை வரியோடு வரி ஒப்பிட்ட பிறகே கடிதத்தை அனுப்பினேன்.

இணைப்பாகப் போகும் குறுக்குவெட்டைப் பற்றியும் ஒரு சொல். கணினி மாதிரியிலிருந்து எடுத்த, சிவப்பும் பச்சையுமான மோதல் படத்தை மட்டும் அனுப்புவது இப்போது வழக்கமாகிவிட்டது. மோதுகிறது என்பதை அது காட்டும். எவ்வளவு என்பதைக் காட்டாது. மாதிரியில் இன்சுலேசனும் ஆங்கிளும் வரையப்படாதிருந்தால், உண்மையில் மோதும் இடத்தையும் மோதவில்லை என்றே அது சொல்லும். கையால் வரைந்தாலும் பரவாயில்லை. தரை, சீலிங், ஆங்கிள், தகடு, இன்சுலேசன், பீமின் அடி, சிலாப்பின் அடி என்று ஒவ்வொரு கோட்டுக்கும் அருகில் அதன் மட்டத்தை எழுதிய ஒரு வெட்டுப்படம் போதும்.

ஆறாம் படி: விடையை வாசித்தல்

விடை ஐந்தாம் நாள் வந்தது. அச்சு 2 இலும் 3 இலும் பீமை 450 ஆகக் குறைக்கக் கட்டமைப்புப் பொறியியலாளர் இணங்கினார். கம்பிகளை மாற்றிய புதிய வரைபடம் தருவதாகவும் எழுதியிருந்தார். அச்சு 4 இல் மறுத்துவிட்டார். மேலே தண்ணீர்த் தாங்கியைச் சுமக்கும் தூண் அந்தப் பீமில் இறங்குகிறது. எங்கள் கையிலிருந்த வரைபடத்தில் அந்தத் தூண் தெரியவில்லை.

அச்சு 4 இல் சீலிங்கை 2575 க்கு இறக்கக் கட்டடக்கலைஞர் சம்மதித்தார். ஆனால் பீமின் அகலத்துக்கு மாத்திரம் ஒரு பெட்டிபோல இறக்க அவர் விரும்பவில்லை. தாதியர் மேசைக்கு முன்னுள்ள பகுதி முழுவதையும், 2 மீற்றர் நீளத்துக்கு, ஒரே மட்டத்தில் இறக்கிவிட்டார். நோயாளி நின்று பேசும் இடம் அது என்பதால் அந்தத் தாழ்வு வேண்டுமென்றே செய்ததுபோல இருந்தது. எங்களுக்கும் அது உதவியது: அச்சு 4 இல் டக்ட் 150 மில்லிமீற்றர் கீழிறங்க வேண்டும், 30 பாகைச் சரிவில் இறங்கினால் ஒவ்வொரு பக்கமும் 260 மில்லிமீற்றர் நீளம் தேவை. பீமின் அகலத்துப் பெட்டிக்குள் அது அடங்கியிருக்காது. இறக்கிய இடத்தில் வெளி 325, தேவை 315; மிச்சம் 10 மில்லிமீற்றர்தான். சீலிங் குறைந்தபடியால் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்திலும் அந்தக் குறுக்குவெட்டைத் திருத்த வேண்டுமா என்று மாநகர சபையில் கேட்பதைக் கட்டடக்கலைஞர் தாமே பொறுப்பேற்றார்.

இவ்வளவும் தாளில் முடிந்தாலும், விடை வந்தவுடன் டக்டுக்கு ஓடர் கொடுத்துவிடக் கூடாது. எங்கள் டக்ட் கொழும்பில் செய்து ஏ9 வழியாக லொறியில் வர வேண்டியது. பிழையான துண்டு ஒன்றைத் திருப்பி அனுப்பி எடுப்பதற்குள் சீலிங் வேலைக்காரர் வேறு தளத்துக்குப் போய்விடுவார். முட்டுகளை எடுத்தவுடன், லேசர் மட்டத்தால் ஒவ்வொரு பீமின் அடியையும் இரு முனையிலும் நடுவிலும் அளந்தோம். அந்த நேரத்தில் மாபிள் பதிக்கப்பட்டிருக்காது என்பதால், முடிந்த தரையின் மட்டத்துக்கு ஒரு மீற்றர் மேலே சுவரில் குறித்திருந்த கோட்டிலிருந்தே அளக்க வேண்டும். கொங்கிறீட் தரையிலிருந்து அளந்தால் அதே பழைய 50 மில்லிமீற்றர்ப் பிழை திரும்பவும் வந்து நிற்கும். அச்சு 2 சரியாக இருந்தது. அச்சு 3 இன் நடு 8 மில்லிமீற்றர் கீழே இருந்தது. விட்டிருந்த தளர்வு அதை விழுங்கிக்கொண்டது. அச்சு 4 இன் நடு 12 மில்லிமீற்றர் கீழே இருந்தது. அங்கே மட்டும் அடியிலுள்ள ஆங்கிளை எடுத்துவிட்டு, டக்டின் பக்கவாட்டில் தகட்டுப் பட்டிகளைப் பூட்டி, பீமின் இரு முகங்களிலிருந்தும் தொங்கவிட்டோம். அதனால் 40 மில்லிமீற்றர் திரும்பக் கிடைத்தது.

அந்த மூன்று அளவுகளையும் வினா இல. 14 இன் கீழேயே எழுதி, பட்டியின் படத்தையும் இணைத்து, கட்டடக்கலைஞரின் ஒப்பத்தோடு வினாவை மூடினேன். டக்டுக்கான ஓடர் அன்று மாலைதான் போனது.